குஞ்சுகள் போன பிறகு கூட்டைத் திறந்தால்: ஆமை முட்டைகளின் பொரிப்பு விகிதம் கணக்கிடும் விதம்

சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வருபவை பெரும்பாலும் ஆலிவ் ரிட்லி ஆமைகள். மீனவர்கள் பங்குனி ஆமை என்று சொல்வார்கள். ஜனவரியில் வரத் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை இரவு நேரத்தில் கரையேறி, மணலில் முழங்கை ஆழத்துக்குக் குடம் போன்ற ஒரு குழி தோண்டி, நூறு நூற்றிருபது முட்டைகள் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அப்புறம் தாய்க்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை. மணலின் சூட்டில் 45 முதல் 60 நாள்களுக்குள் குஞ்சு பொரிந்துவிடும்.

சீசன் முடியும் சமயத்தில் செய்திகளில் ஓர் எண் வரும்: இத்தனை ஆயிரம் குஞ்சுகள் கடலில் விடப்பட்டன. அந்த எண் பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எத்தனை முட்டைகளிலிருந்து அத்தனை குஞ்சுகள் வந்தன, வராத முட்டைகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தால்தான் அந்தக் கரையில் கூடுகள் நன்றாக இருக்கின்றனவா இல்லையா என்று பேசலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, குஞ்சுகள் போன பிறகு கூட்டைத் தோண்டி, மிச்சம் இருப்பதை ஒவ்வொன்றாக எண்ணுவதுதான். அந்த வேலை எப்படி நடக்கிறது, அதிலிருந்து சதவீதம் எப்படி வருகிறது, அந்தச் சதவீதம் எங்கே ஏமாற்றும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. முட்டையையோ குஞ்சையோ கூட்டையோ தொட வனத்துறையின் அனுமதி வேண்டும். கீழே வரும் தோண்டும் வேலை எல்லாம் அனுமதி பெற்ற குழுவோ வனத்துறை ஊழியர்களோ செய்வது. மற்றவர்கள் செய்யக்கூடியது பார்த்ததைச் சரியாகத் தெரிவிப்பது; அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சென்னையில் முட்டைகள் பெரும்பாலும் இட்ட இடத்தில் விடப்படுவதில்லை. நாய், விளக்கு வெளிச்சம், ஆள் நடமாட்டம் என்று நகரத்துக் கரையில் ஆபத்து அதிகம் என்பதால், கண்டெடுத்த முட்டைகளை வேலி போட்ட பொரிப்பகத்துக்கு மாற்றிப் புதைக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1970களில் ரோமுலஸ் விட்டேகரும் மெட்ராஸ் பாம்புப் பண்ணையைச் சுற்றியிருந்த இளைஞர்களும் இரவில் கரையோரம் நடந்து கூடுகளைத் தேடினார்கள். 1988லிருந்து கடல் ஆமைகளுக்கான மாணவர் அமைப்பு ஒன்று நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே அதே நடையைத் தொடர்கிறது. வனத்துறையும் தன் பொரிப்பகங்களை நடத்துகிறது.

கணக்கு ஆரம்பிப்பது முட்டையிட்ட அந்த ராத்திரியில்தான். ஆமை ஏறி இறங்கிய தடம் மணலில் தெரியும். இடதும் வலதுமாக மாறி மாறித் துடுப்பு பதிந்த, முக்கால் மீட்டர் அளவு அகலமுள்ள தடம். அது திரும்பும் இடத்தில் மணல் கலைந்திருக்கும். கூடு எங்கே என்று பார்க்க அனுபவசாலிகள் ஒரு மெல்லிய கோலால் மெதுவாக அழுத்திப் பார்ப்பார்கள். சுற்றியுள்ள மணல் இறுகி நிற்கும், முட்டைக் குழிக்கு மேலே கோல் சட்டென்று இறங்கும். இறங்கிய உடனே நிறுத்தத் தெரியாதவர் கையில் கோலைக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் அடுத்த அங்குலத்தில் முட்டை இருக்கிறது.

பிறகு கையால் மணலை விலக்கி, முட்டைகளை ஒன்றொன்றாக எண்ணியபடி எடுப்பார்கள். முட்டையைப் புரட்டாமல், அதிர்வில்லாமல் எடுக்க வேண்டும், சில மணி நேரத்துக்குள் மறுபடி புதைத்துவிடவும் வேண்டும். காரணம் இது: இட்ட சில மணி நேரத்திலிருந்தே கரு மேலே நகர்ந்து ஓட்டின் உட்பக்கச் சவ்வில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். ஒட்டும் இடத்தில் ஓடு வெள்ளைத் திட்டாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதற்கப்புறம் முட்டை உருண்டால் அந்த ஒட்டு பிய்ந்து கரு செத்துப்போகும். வெளியே பார்த்தால் முட்டை அப்படியே இருக்கும், ஒரு மாற்றமும் தெரியாது. ஐம்பது நாள் கழித்துத் தோண்டும்போதுதான் விஷயம் தெரியவரும்.

பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டிப் புதைத்து, ஒரு அட்டையில் கூட்டு எண், தேதி, எடுத்த இடம், முட்டை எண்ணிக்கை நான்கையும் எழுதிச் செருகுவார்கள். கடைசி எண்தான் பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் அடித்தளம். ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எண்ணிய எண் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால்தான் எடுக்கும்போது ஒரு முறை, புதைக்கும்போது ஒரு முறை என்று இரண்டு தடவை எண்ணுவது நல்லது.

நாற்பத்தைந்தாம் நாள் நெருங்கும்போது கூட்டின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். குஞ்சுகள் பெரும்பாலும் மேல்மணல் குளிரும் இரவு நேரத்தில், ஒன்றாகச் சேர்ந்து மேலே வரும். கூடைக்குள் வந்தவற்றை எண்ணி, குறித்துக்கொண்டு, அந்த இரவிலேயே கடல் ஈரத்துக்கு முன்னால் மணலில் விட்டு, தானாக நடந்து போக விடுவார்கள்.

குஞ்சுகள் வந்துவிட்டன என்று அன்றைக்கே தோண்டிவிடக் கூடாது. எல்லாக் குஞ்சுகளும் ஒரே இரவில் மேலே வருவதில்லை. ஓட்டிலிருந்து வெளிவந்தும் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை உறிஞ்சி முடிக்காமல் சில குஞ்சுகள் கீழேயே கிடக்கும், இரண்டாவது கூட்டமாக அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வரும். முதல் குஞ்சு வந்ததிலிருந்து மூன்று நாள் காத்திருப்பது பொதுவான வழக்கம். ஒரு குஞ்சுகூட வரவில்லை என்றால் எதிர்பார்த்த நாளுக்குப் பிறகு இன்னும் பத்து நாளாவது விட்டுவைக்க வேண்டும். பொறுமை இல்லாமல் திறந்து, உயிரோடு இருக்கும் கருவைப் பார்த்துவிட்டு மறுபடி மூடுவது போன்ற கொடுமை வேறில்லை.

தோண்டுவதற்குக் காலையில் வெயில் ஏறும் முன்னால் அல்லது பொழுது சாயும் நேரம் சரி. இரண்டு பேர் வேண்டும்: கையுறையோடு ஒருவர், கையில் நோட்டோடு ஒருவர். அழுகிய முட்டை நாற்றத்துக்குத் தயாராகப் போக வேண்டும், சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மண்வெட்டி கிடையாது, கை மட்டும்தான், ஏனென்றால் உள்ளே இன்னும் உயிருள்ள குஞ்சு இருக்கலாம். எடுத்ததை எல்லாம் ஒரு சாக்கின் மேல் வகை வகையாகக் குவியல் போட வேண்டும்.

முதல் குவியல் காலி ஓடுகள். ஆமை முட்டையின் ஓடு கோழி முட்டையைப் போல உடைந்து நொறுங்காது, தோல் போலக் கிழியும். குஞ்சு வெளியே வந்த ஓடு ஏறக்குறைய முழுசாக, ஒரு பக்கம் கிழிந்து கசங்கிக் கிடக்கும். இங்கே ஒரு விதி உண்டு: பாதிக்கு மேல் முழுசாக உள்ள துண்டை மட்டும் ஒரு ஓடு என்று எண்ண வேண்டும். அதைவிடச் சிறிய துண்டை ஒதுக்கிவிட வேண்டும். ஒரு ஓடு இரண்டாகக் கிழிந்தால் அதில் ஒரு துண்டுதான் பாதிக்கு மேல் இருக்க முடியும் அல்லவா? எல்லாத் துண்டையும் எண்ணினால் பொரிந்த முட்டைகள் இருந்ததைவிட அதிகமாகிவிடும்.

இரண்டாவது, கூட்டுக்குள்ளேயே இருக்கும் குஞ்சுகள். உயிருள்ளவை தனி, செத்தவை தனி. இவை ஓட்டை விட்டு வந்துவிட்டன, ஆனால் மணலை விட்டு வெளியே வரவில்லை. அதாவது இவற்றின் ஓடுகள் ஏற்கெனவே முதல் குவியலில் இருக்கின்றன. இவற்றை மறுபடி முட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான்.

மூன்றாவது, பொரியாத முட்டைகள். ஒவ்வொன்றையும் கிழித்துப் பார்க்க வேண்டும். உள்ளே கரு என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் 'வளராதது' என்று எழுதுவார்கள். இதை 'கருவுறாதது' என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு, அது தவறு. முதல் இரண்டு மூன்று நாளிலேயே செத்த கரு ஐம்பது நாள் வெப்பத்தில் கரைந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கும். கருவுறாத முட்டையையும் அதையும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. கரு தெரிந்தால் எந்த நிலை என்று குறிக்க வேண்டும். கறுத்த கண்புள்ளியும் நிறமில்லாத சிறு உடலும் மட்டும் இருந்தால் ஆரம்ப நிலை. ஓடும் துடுப்பும் உருவாகி, உடல் கறுத்து, முழுக் குஞ்சாகத் தெரிந்தால் கடைசி நிலை. இரண்டுக்கும் நடுவே இருப்பது நடு நிலை. மூக்கு நுனியில் உள்ள சிறு பல்லால் ஓட்டைக் கீறி, தலையை மட்டும் நீட்டி, அப்படியே செத்துப்போனதைத் தனியாகக் குறிப்பார்கள். அது ஓட்டை விட்டு வரவில்லை என்பதால் பொரியாத முட்டைக் கணக்கில்தான் சேரும்.

கடைசியாக, தின்னப்பட்ட முட்டைகள். நண்டு குடைந்த முட்டையில் ஒரு ஓட்டை விழுந்து உள்ளே காலியாக இருக்கும். நாய் கடித்தால் ஓடு தாறுமாறாகக் கிழிந்து, மஞ்சள் கரு ஒட்டி உலர்ந்திருக்கும். குஞ்சு வந்த ஓட்டின் உட்புறம் சுத்தமாக இருப்பதால் வித்தியாசம் தெரியும்.

சரி, ஒரு கூட்டைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. பொரிப்பக அட்டையில் 118 முட்டைகள் என்று இருக்கிறது. மூன்று நாள் கழித்துத் தோண்டியதில் காலி ஓடுகள் 94. உள்ளே உயிரோடு 3 குஞ்சுகள், செத்தவை 4. வளராத முட்டைகள் 9, ஆரம்ப நிலையில் செத்தவை 4, கடைசி நிலையில் செத்தவை 6, தலை நீட்டிச் செத்தவை 3, நண்டு தின்றவை 2. பொரியாதவை எல்லாம் சேர்த்து 24. ஓடுகள் 94ஐக் கூட்டினால் 118. அட்டையோடு ஒத்துப்போகிறது.

கணக்கு இரண்டு வகை.

```
பொரிப்பு விகிதம் = ஓடுகள் ÷ மொத்த முட்டைகள் × 100
               = 94 ÷ 118 × 100 = 79.7

வெளியேறிய விகிதம் = (ஓடுகள் − உள்ளே இருந்த குஞ்சுகள்) ÷ மொத்த முட்டைகள் × 100
                 = (94 − 7) ÷ 118 × 100 = 73.7
```

உள்ளே உயிரோடு கிடந்த 3 குஞ்சுகளையும் கழிக்கிறோமே, அவற்றைத்தான் கடலில் விட்டுவிட்டோமே என்று கேட்கலாம். விட்டது நாம். நாம் தோண்டாமல் இருந்திருந்தால் அவை வந்திருக்குமா என்பது தெரியாது. கூடு தன் வழியில் என்ன செய்தது என்று அளப்பதுதான் நோக்கம் என்பதால் கழித்துவிடுவதுதான் சரி. விட்ட குஞ்சுகளின் எண்ணிக்கையில் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம், அது வேறு கட்டம்.

இரண்டு விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகினால் நிறையத் தெரியவரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் பொரிந்தவை எல்லாம் தடையில்லாமல் மேலே வந்துவிட்டன என்று பொருள். முதலாவது அதிகமாகவும் இரண்டாவது மிகக் குறைவாகவும் இருந்தால் முட்டையில் குறையில்லை, மேலே உள்ள மணலில்தான் ஏதோ இருக்கிறது: ஆள் நடந்து மணல் இறுகியிருக்கலாம், அடப்பங்கொடியின் வேர் பின்னியிருக்கலாம், மேல்மணலின் சூடு குஞ்சுகளைப் பாதி வழியில் நிறுத்தியிருக்கலாம்.

நான் காட்டிய கூட்டில் கூட்டல் அழகாக 118 என்று வந்துவிட்டது. நிஜத்தில் இப்படி வருவது அதிர்ஷ்டம். தோண்டியதில் 115 என்றோ 121 என்றோ வரும். 115 வந்தால் சில ஓடுகள் நைந்து பாதிக்குக் குறைவாகிவிட்டன என்றோ, முதல் இரவில் கூடுதலாக எண்ணிவிட்டார்கள் என்றோ கொள்ளலாம். 121 வந்தால் முதல் இரவில் குறைத்து எண்ணியிருக்க வேண்டும், அல்லது இரு துண்டான ஓட்டை இரண்டு என்று எண்ணியிருக்க வேண்டும். எதுவானாலும் ஓர் எண்ணைத் திருத்தி இன்னொன்றோடு பொருத்துவது கூடாது. இரண்டையும் எழுதி, எந்த மொத்தத்தால் வகுத்தோம் என்று பக்கத்தில் குறித்தால் போதும். இரண்டு மூன்று முட்டை வித்தியாசத்தால் சதவீதம் பெரிதாக மாறாது. நோட்டில் எல்லாக் கூடும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

பொரிப்பகத்துக்கு மாற்றாமல் கரையிலேயே விட்ட கூட்டில் நிலைமை வேறு. அங்கே முதல் இரவின் எண்ணிக்கை பெரும்பாலும் இருக்காது. தோண்டும்போது கிடைப்பதைக் கூட்டித்தான் மொத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் பொறி இருக்கிறது. ஒரு கூட்டை நாய் ஒரு பக்கம் கிளறி, பல முட்டைகளைத் தின்று, கிழிந்த ஓடுகளை நாலாபக்கமும் இறைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி முட்டைகள் தப்பிப் பொரிந்தன. தோண்டியதில் ஓடுகள் 62, பொரியாதவை 11. குழிக்குள் இருப்பதை மட்டும் எண்ணினால் 73இல் 62, அதாவது 85 சதவீதம்! பொரிப்பகக் கூட்டைவிடப் பிரமாதம்.

நாய் கிளறிய மறுநாள் காலையிலேயே ஒருவர் போய்ச் சிதறிய ஓடுகளைப் பொறுக்கி எண்ணி, 25 என்று எழுதி வைத்திருந்தால் கதை மாறும். மொத்தம் 98, பொரிந்தவை 62, விகிதம் 63. ஒரே கூடு, ஒரே குஞ்சுகள், 22 சதவீதப் புள்ளிகள் வித்தியாசம். இரண்டு நாள் தள்ளிப் போயிருந்தால் காற்றும் காக்கையும் அந்த ஓடுகளை எடுத்துப் போயிருக்கும், நாய் வந்ததற்கான தடயம் கணக்கில் எங்குமே இருந்திருக்காது. ஆபத்தைத் தெரிவிப்பதும் சதவீதம் கணக்கிடுவதும் இரண்டு தனி வேலைகள் என்று பலர் நினைக்கிறார்கள். முதலாவது இல்லாமல் இரண்டாவதில் வகுக்கும் எண்ணே தப்பாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய தப்பு சராசரி எடுக்கும்போது நடக்கும். மேலே சொன்ன இரண்டு கூடுகளோடு மூன்றாவதாக ஒன்று இருந்தது, 110 முட்டைகள், எண்ணி அடையாளம் வைத்து அதே இடத்தில் விடப்பட்டது, ஒரு ராத்திரி அலை ஏறி மணலோடு அரித்துக்கொண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோண்ட ஒன்றும் இல்லை, படிவமும் நிரப்பப்படவில்லை. சீசன் கடைசியில் படிவம் உள்ள இரண்டு கூடுகளை மட்டும் கூட்டினால் 216 முட்டைகளில் 156 பொரிந்தன, 72 சதவீதம். மூன்றாவதையும் பூஜ்யமாகச் சேர்த்தால் 326இல் 156, அதாவது 48. எந்த எண் அந்தக் கரையைப் பற்றிச் சொல்கிறது? இரண்டாவதுதான். முதலாவது, தப்பிய கூடுகளுக்குள் முட்டை எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறது. இரண்டுக்கும் பயன் உண்டு, ஆனால் எது எது என்று எழுதாமல் ஒரு சதவீதத்தை மட்டும் யாராவது காட்டினால் 'அழிந்துபோன கூடுகளைச் சேர்த்தா, விட்டுவிட்டா?' என்று முதலில் கேளுங்கள்.

பொரியாத முட்டைகளை நிலை நிலையாகப் பிரித்தோமே, அதன் பலன் காரணத்தைத் தேடும்போது தெரியும். ஒரே இரவில், ஒரே ஆள்கள் மாற்றிய கூடுகளில் மட்டும் ஆரம்ப நிலைச் சாவும் வளராத முட்டையும் குவிந்திருந்தால், அன்று முட்டைகளை எடுக்கத் தாமதமாகியிருக்கலாம் அல்லது தூக்கி வரும்போது குலுங்கியிருக்கலாம். கடைசி நிலையில் நிறையக் குஞ்சுகள் ஒரே மாதிரி செத்திருந்தால் மூச்சுத் திணறல் நினைவுக்கு வர வேண்டும். வளர்ந்த கருவுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, அந்தச் சமயத்தில் கடல்நீர் ஏறி மணலின் இடுக்குகளை நிரப்பினால் தாங்காது. மே மாத வெயிலில் மணல் 35 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பல நாள் நின்றாலும் இதே போலக் கடைசி நிலைச் சாவுகள் வரும். அதனால்தான் சீசன் பிற்பகுதியில் பொரிப்பகங்களில் நிழல்வலை கட்டுவதும், கூட்டின் ஆழத்தில் வெப்பமானி வைப்பதும் நடக்கிறது. வெப்பமானிக் குறிப்பும் அலை ஏறிய தேதியும் இல்லாமல் வெறும் முட்டையைப் பார்த்து 'வெயிலால் செத்தது' என்று எழுதுவது ஊகம்தான்.

வெப்பம் என்றதும் இன்னொன்று. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரியை ஒட்டி இரண்டும் கலந்து வரும், அதற்கு மேலே போகப் போகப் பெண்கள்தான் அதிகம். எல்லாம் பெண்ணாகவே பொரிந்தாலும் பொரிப்பு விகிதம் 90 காட்டும். சதவீதம் நன்றாக இருக்கிறது என்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

இனி, கரையில் நடக்கப் போகிற யாரும் செய்யக்கூடிய பங்கு. கூட்டுக்கு ஆபத்து என்று தெரிவிக்கும் தகவல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: 'பீச்சில் நாய்கள் ஆமை முட்டைகளைத் தின்கின்றன, உடனே நடவடிக்கை எடுங்கள்.' பெசன்ட் நகரா, திருவான்மியூரா, நேற்றா, இன்றா, தெரியாது. அதற்கு யாரையும் அனுப்ப முடியாது, நோட்டில் எழுதவும் முடியாது.

ஊரூர் குப்பம் பக்கம் ஒரு பெரியவர் சொல்வதைக் கேட்டால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று புரியும். "விடியக்காத்தால வலை இழுக்க வந்தேன் தம்பி, அந்த ரெண்டாவது படகுக்குத் தெக்கால தோண்டிப் போட்டிருந்தது. நேத்து சாயங்காலம் இல்ல. கீழ இன்னும் முட்டை இருக்கு, மண்ணைத் தள்ளி மூடிட்டு வந்தேன்." இடம், எந்த நேரத்துக்குள் நடந்தது, இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது, இப்போது என்ன நிலை, நான்கும் வந்துவிட்டன. இதோடு கைபேசியில் எடுத்த ஜிபிஎஸ் இடக்குறிப்பு, கூட்டுக்கும் அலை ஏறி நின்ற ஈரக்கோட்டுக்கும் எத்தனை அடி, பக்கத்தில் செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ வைத்து எடுத்த ஒரு படம் சேர்ந்தால் முழுத் தகவல். செருப்பு எதற்கு என்றால், காலடித் தடத்தின் அளவு தெரிய. நாயா, நரியா, மனிதன் தோண்டினானா என்பதைத் தடம்தான் சொல்லும். மனிதன் தோண்டினால் குழி ஒரே இடத்தில் நேராக இருக்கும், ஓடுகளே கிடக்காது. நாய் தோண்டினால் மணல் பின்பக்கமாக இறைந்து, ஓடுகள் சுற்றிலும் கிடக்கும்.

எழுதும்போது பார்த்தது வேறு, நினைத்தது வேறு என்று பிரித்து எழுதுங்கள். 'கிழிந்த ஓடுகள் 25, நாய்த் தடங்கள் உண்டு' என்பது பார்த்தது. 'நாய் தின்றது' என்பது முடிவு. நண்டு குடைந்து நாற்றம் கிளம்பிய பிறகு நாய் வந்திருக்கலாம், மனிதன் தோண்டி எடுத்த குழியை நாய் கிளறியிருக்கலாம். முடிவை எழுதுவதில் தப்பில்லை, அதற்குப் பக்கத்தில் பார்த்ததும் இருக்க வேண்டும்.

விளக்கு வெளிச்சம் தனி ரகம். அது கூட்டைத் தொடுவதில்லை, அதனால் பொரிப்பு விகிதத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஆனால் கரையில் விட்ட கூட்டிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடலின் மெல்லிய ஒளியை விட்டுவிட்டுத் தெருவிளக்குப் பக்கம் நடந்துபோகும். காலையில் அவற்றின் சிறு தடங்கள் கடலை நோக்கி விசிறியாகப் போகாமல் சாலையை நோக்கித் திரும்பியிருப்பது தெரியும். அப்படிப் பார்த்தால் தடத்தின் திசையைப் படம் எடுத்து, எந்த விளக்கு என்று கம்பத்தின் எண்ணோடு எழுதினால் அதை அணைக்கவோ மறைக்கவோ கேட்க முடியும். 'விளக்குகள் அதிகமாக உள்ளன' என்று எழுதினால் யாரிடம் போய் எதைக் கேட்பது?

செத்து ஒதுங்கும் பெரிய ஆமைகளைக் கூட்டுப் படிவத்தில் எழுத வேண்டாம். அது வேறு கணக்கு, வேறு காரணம், பெரும்பாலும் வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாவது. 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது ஒரே உடலை இரண்டு மூன்று பேர் தனித்தனியாகத் தெரிவிக்க வாய்ப்பிருந்தது. உடலைக் கண்டால் ஓட்டின் மேல் பெயின்ட் அடையாளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது எண்ணப்பட்டுவிட்டது. இல்லை என்றால் இடமும் நேரமும் படமும் எடுத்து வனத்துறைக்கோ கரையில் நடக்கும் குழுவுக்கோ அனுப்பி, அடையாளம் போட்டுப் புதைக்கும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம்.

கூடு தோண்டி முடித்த குழு செய்யும் கடைசி வேலையையும் சொல்லிவிடுகிறேன். உயிருள்ள குஞ்சுகளை ஈரத்துணி விரித்த கூடையில் நிழலில் வைத்து இருட்டிய பிறகு விடுவார்கள். கிழித்துப் பார்த்த முட்டைகளையும் ஓடுகளையும் வேலிக்கு வெகு தூரத்தில் ஆழமாகப் புதைப்பார்கள், இல்லையென்றால் அந்த நாற்றமே நாய்களையும் எறும்பையும் மற்றக் கூடுகளுக்கு அழைத்து வந்துவிடும். பழைய குழியில் அதே சீசனில் இன்னொரு கூட்டை வைக்காமல், சுத்தமான மணலால் மூடி, அட்டையை எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள்.